தாய்மொழி நாள் போட்டிகள்: பிரிவும் பொருளும் நேரமும்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாளை உலகத் தாய்மொழி நாளாக நம் பள்ளியில் கொண்டாடி வருகிறோம். அன்று நடைபெறும் ஒப்புவித்தல் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் உரிய விதிகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட மறுநாளே பெற்றோர் சிலர் ஆசிரியர் அறைக்கு வந்துவிடுகின்றனர். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதாம். "ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நன்றாகப் பேசுவாளே, அவளுக்கு ஏன் பேச்சுப் போட்டி இல்லை?" என்பது ஒன்று. "மூன்றே நிமிடத்தில் என்ன பேச முடியும்?" என்பது மற்றொன்று. "எங்கள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை, எங்கள் பெண் எதில் சேருவாள்?" என்பது மூன்றாவது. இக்கேள்விகளுக்கு வாசலில் நின்று விடை கூறினால் பாதிதான் கூற முடிகிறது. ஆகவே இம்மலரில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பிரிவுகள். ஒன்று, இரண்டாம் வகுப்பினருக்கு ஆத்திசூடியின் முதல் பதின்மூன்று அடிகள். நேரம் ஒரு நிமிடம். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை திருக்குறளில் ஓர் அதிகாரம். நேரம் இரண்டு நிமிடம். ஆறு முதல் எட்டு வரை பேச்சு. தலைப்பு பத்து நாட்களுக்கு முன்பே தரப்படும். நேரம் மூன்று நிமிடம். ஒன்பது, பத்தாம் வகுப்பினருக்கும் அவ்வாறே. நேரம் நான்கு நிமிடம். மேல்நிலை வகுப்பினர் அன்றே சீட்டெடுத்து, பத்து நிமிடம் சிந்தித்து, ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

சிறியவர்களுக்கு ஒப்புவித்தலும் பெரியவர்களுக்குப் பேச்சும் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆறு வயதுக் குழந்தைக்கு அடுத்த அடி எது என்று தேடுவதுதான் கடினம். ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பதால், அ, ஆ, இ, ஈ என்று மனத்தில் எண்ணிக்கொண்டே வந்தால் அடுத்த அடி தானே நாவில் வரும். அந்தக் கைப்பிடி குறளில் இல்லை. ஆனால் எட்டு வயதில் பிள்ளைகள் பொருள் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். பொருளையே கைப்பிடியாகக் கொள்ளக் குறள் ஏற்றது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பேச்சுப் போட்டி வைத்தால் நடப்பது என்ன? அம்மாவோ அக்காவோ எழுதித் தந்ததை அவள் மனனம் செய்து ஒப்புவிப்பாள். அதுவும் ஒப்புவித்தல்தான், ஆனால் எழுதியவரின் பெயர்தான் தெரியாது. அதைவிட ஒரு நல்ல நூலை ஒப்புவிப்பது மேல் அல்லவா?

குறள் ஒப்புவித்தலில் நடுவர்கள் அடிக்கடி காணும் பிழை ஒன்றைக் கூறுகிறேன். குறளுக்குச் சீர்கள் ஏழு. முதலடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. பிள்ளைகள் பழக்கத்தினால் நான்காம் சீரில் மூச்சு விட்டு நிறுத்துகின்றனர். பல குறள்களில் பொருள் அங்கு நிற்பதில்லை; அடுத்த அடிக்கு ஓடுகிறது. அங்கே நிறுத்தினால் வாக்கியம் இரண்டு துண்டாகிறது. இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. குறளை மூடி வைத்து, அதன் பொருளைத் தன் சொல்லில் கூறுமாறு பிள்ளையிடம் கேளுங்கள். பொருளில் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லையும் சேர்த்துக் கூறுகிறாளோ, அவற்றைக் குறளிலும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள்.

மற்றொரு தொல்லை, இடையில் மறந்துவிட்டால் முதல் குறளிலிருந்து திரும்பத் தொடங்குவது. சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே படித்ததன் விளைவு இது. வீட்டில் பயிலும்போது ஒருநாள் நான்காம் குறளிலிருந்தும், ஒருநாள் எட்டாம் குறளிலிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள். மேடையில் எந்த இடத்தில் நின்றாலும் அங்கிருந்தே எழுந்து நடப்பாள். நடுவர் ஒருமுறை எடுத்துக் கொடுப்பார், அதற்கு ஒரு மதிப்பெண் குறையும், போட்டியிலிருந்து நீக்கமாட்டார்.

உச்சரிப்பைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? சென்ற ஆண்டு ஒரு சிறுமி மழை பெய்ய வேண்டிய இடத்தில் மலை பெய்ய வைத்தாள். மற்றொருத்தி பள்ளிக்குப் போவதற்குப் பதில் பல்லிக்குப் போனாள். அரம் - அறம், பனி - பணி, வால் - வாள் - வாழ் என இணையிணையாகச் சொல்லிப் பழகினால் நா தானே வேறுபாட்டை உணரும். தனித்தனியாகச் சொல்லும்போது சரியாகச் சொல்லும் பிள்ளை, வேகமாகச் சொல்லும்போது பிழை செய்வாள். எனவே சோதிக்க வேண்டியது வேகத்தில்.

இனி, மூன்று நிமிடக் கேள்விக்கு வருவோம். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'என் வீட்டு மொழி' என்னும் தலைப்பில் பேசப் பெயர் கொடுத்தாள். அவள் எழுதி வந்த பேச்சில் 410 சொற்கள் இருந்தன. மனத்துக்குள் படித்துப் பார்த்து, "இரண்டரை நிமிடம்தான் ஆகிறது, டீச்சர்" என்றாள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் பேசச் சொன்னேன். நாலரை நிமிடம் ஆயிற்று. நம் மாணவியர் மேடையில் தெளிவாகப் பேசும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 தமிழ்ச் சொற்களே பேசுகின்றனர். மூன்று நிமிடத்துக்கு 270. மூச்சுக்கும் கைதட்டலுக்கும் இடம் விட்டால் 230 சொற்களில் பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

பேச்சைப் பகுதி பகுதியாக எண்ணிப் பார்த்தோம். அவைத்தலைவர் முதல் சக மாணவியர் வரை வணக்கம் கூற 40 சொற்கள். தாய்மொழி நாளின் வரலாற்றுக்கு 150. தமிழின் பெருமைக்கும் புலவர் பெயர்களுக்கும் 90. அவள் வீட்டைப் பற்றி 90. முடிவுரை 40. தலைப்போ 'என் வீட்டு மொழி'. அந்த வீட்டுக்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை!

அவள் வீட்டு மொழி தெலுங்கு. தாயார் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் முறை வேலை பார்ப்பவர். வீட்டில் இருப்பவர் பாட்டி. "வீட்டைப் பற்றி இன்னும் என்ன சொல்வாய்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிப் பின் சொன்னாள்: "அம்மா வேலைக்குப் போகுமுன் கடைச் சாமான் பட்டியல் எழுதி வைப்பாங்க, டீச்சர். சொல்லெல்லாம் தெலுங்கு, எழுத்தெல்லாம் தமிழ். எங்க வீட்டில் பாட்டிக்கு மட்டும்தான் தெலுங்கு எழுத்துத் தெரியும். பாட்டிக்குக் கண் தெரியலை." இது அவளுடைய 410 சொற்களில் ஓரிடத்திலும் இல்லை. போட்டிப் பேச்சில் சொல்லத் தக்கது அன்று என்று எண்ணி விட்டுவிட்டாளாம்.

பேச்சைத் திருத்தினோம். வணக்கத்தை 12 சொற்களாக்கினோம். அவையோர் அனைவர்க்கும் ஒரே வணக்கம் கூறினால் எவரும் வருந்தமாட்டார். வரலாற்றுக்கு 50 சொற்கள் போதும் என்று முடிவு செய்தோம். 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், அன்றைய பாகிஸ்தானின் கிழக்கு வங்க மாகாணத்து டாக்கா நகரில், வங்க மொழிக்கும் ஆட்சிமொழி உரிமை கேட்டுத் திரண்ட மாணவர்மீது காவலர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. அந்நாளை உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. 2000 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. கேட்போர்க்கு இதற்குமேல் அங்கே தேவையில்லை. புலவர் பெயர்ப் பட்டியலை முழுவதும் எடுத்துவிட்டோம். அது எந்தத் தலைப்பிலும் ஒட்டும். ஆகவே இத்தலைப்புக்கு உரியது அன்று. வீட்டுக்கு 140 சொற்கள் கொடுத்தோம். பட்டியல் தாளும் பாட்டியும் உள்ளே வந்தனர். முடிவுரைக்கு 25. மொத்தம் 227 சொற்கள். கடிகாரம் இரண்டரை நிமிடம் காட்டிற்று.

நேர வரம்பு பேச்சாளரைத் துரத்துவதற்காக வைக்கப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. எல்லாவற்றையும் சொல்ல இடம் இல்லாதபோதுதான், சொல்லியே தீர வேண்டியது எது என்று தேட வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் அந்தப் பட்டியல் தாள் மேடைக்கு வந்தே இராது.

மணியைப் பற்றியும் ஒரு சொல். நேரம் முடிய அரை நிமிடம் இருக்கையில் முதல் மணி அடிக்கப்படும். முடிந்தவுடன் இரண்டாம் மணி. அதன்பின் ஒவ்வொரு கால் நிமிடத்துக்கும் ஒரு மதிப்பெண் குறையும். முதல் மணி கேட்டதும் மாணவியர் விரைவு கூட்டிச் சொற்களை விழுங்குகின்றனர். விழுங்கிய சொல் நடுவர் காதுக்கு எட்டுவதில்லை. மிச்சம் பிடித்த நேரத்தால் பயன் இல்லை. மணி கேட்டதும் இருக்கும் வாக்கியத்தை முடித்து, நேரே முடிவுரைக்குத் தாண்ட வேண்டும். அதற்கு முடிவுரையைத் தனியாகப் பயின்றிருக்க வேண்டும். போட்டி நாளில் அம்மாணவிக்கு அவையில் சிரிப்பு எழுந்து சில நொடிகள் போயின. மணி அடித்தது. இரண்டு வாக்கியங்களை விட்டுத் தாண்டி, குரல் மாறாமல் முடித்தாள். இரண்டாம் பரிசு பெற்றாள்.

இறுதியாக, தமிழ் பேசாத வீட்டுப் பிள்ளைகள். திருப்பெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உள்ளனர். தாய்மொழி நாளில் தமிழுக்கு மட்டும் போட்டி வைத்தால், அவர்களை நோக்கி, உன் தாய் பேசுவது மொழி அன்று என்று சொல்வதாகும். எனவே வீட்டு மொழி ஒப்புவித்தல் என்று தனிப் பிரிவு வைத்துள்ளோம். விரும்பிய பாட்டையோ செய்யுளையோ ஒன்றரை நிமிடம் சொல்லலாம். முன்னதாக அதன் கருத்தைத் தமிழில் ஒரு வாக்கியத்தில் கூற வேண்டும்.

இங்கு வயதா, வகுப்பா என்னும் கேள்வி எழுந்தது. ஒடியா மொழி பேசும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தமிழ் புதிது என்பதால் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். தமிழ்ப் போட்டியில் அவள் மூன்றாம் வகுப்பினருடன் நிற்பதே முறை. அங்கு அளக்கப்படுவது அவள் பயின்ற தமிழ். தன் மொழியிலோ அவள் பத்து வயதுப் பெண். எட்டு வயதினரோடு நிறுத்துவது பொருந்தாது. ஆகவே தமிழ்ப் பிரிவுகளுக்கு வகுப்பும், வீட்டு மொழிப் பிரிவுக்கு வயதும் கணக்காகும்.

இப்பிரிவில் ஒரு குறையும் உண்டு, மறைப்பதற்கில்லை. நடுவர்க்கு அம்மொழி தெரியாது. குரல், தெளிவு, நிற்கும் முறை ஆகியவற்றை அவர் மதிப்பிடலாம். சொல் தவறியதா என்று கூற இயலாது. அம்மொழி அறிந்த, ஆனால் போட்டியிடும் பிள்ளைக்கு உறவல்லாத பெற்றோர் ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உடனிருந்தால் பிழைகளைக் குறித்துத் தரலாம். அத்தகையவர் கிடைக்காதபோது முதலிடம், இரண்டாமிடம் என்று தருவதில்லை. சான்றிதழ் மட்டும் தருகிறோம். சென்ற ஆண்டு ஒடியா மொழிக்கு எவரும் கிடைக்கவில்லை. வரும் ஆண்டில் உதவ இயன்ற பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

பட்டியல் தாளைப் பற்றிப் பேசிய மாணவியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கோடை விடுமுறைக்குப் பின் அவள் பையில் ஒரு தெலுங்கு அரிச்சுவடி இருந்தது. பாட்டி கையைப் பிடித்து எழுதிக் காட்டுகிறார்களாம். "கண் தெரியாட்டியும் கை மறக்கலை, டீச்சர்" என்றாள்.