முன்னால் இருந்தால் ‘பாரா’, பின்னால் இருந்தால் ‘போர்’

“உனக்காகத்தான் இதைச் செய்தேன்” என்று தமிழில் ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒரு சட்டையைத் தைத்து முடித்து, “இது உனக்குத்தான்” என்று நீட்டுவது ஒன்று. உனக்கு உடம்பு சரியில்லை என்பதால் உன் வேலையை நான் பார்த்தேன் என்பது மற்றொன்று. எந்தப் பொருள் என்பதைச் சூழ்நிலையிலிருந்து நாம் புரிந்துகொள்கிறோம். போர்த்துக்கீச மொழியில் அப்படி விட்டுவிட முடியாது. முதல் பொருளுக்கு ‘ஃபிஸ் இஷ்து பாரா தி’, இரண்டாவதற்கு ‘ஃபிஸ் இஷ்து போர் தி’. நடுவில் வரும் ஒரே ஒரு சிறு சொல் மாறுகிறது. வாக்கியத்தின் பொருளும் மாறிவிடுகிறது. (இங்கே போர்த்துக்கீசச் சொற்களை லிஸ்பன் உச்சரிப்பை ஏறத்தாழ ஒட்டித் தமிழ் எழுத்தில் தருகிறேன்.)

‘க்காக’ என்ற நம் உருபு இரண்டையும் தாங்குவதால், தமிழர்கள் அதைக் கண்டதும் ‘பாரா’ போட்டுவிடுகிறார்கள். பயிற்சிப் புத்தகத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே மொழிபெயர்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தப் பெயர்ச்சொல் செயலுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? செயல் போய்ச் சேரும் இடம், அதைப் பெறுகிறவர், அதன் நோக்கம், அது முடிய வேண்டிய நாள் ஆகியவை முன்னால் இருப்பவை. இவற்றுக்கு ‘பாரா’. செயலைத் தூண்டிய காரணம், அதைச் செய்த ஆள், அதற்குக் கொடுத்த விலை ஆகியவை பின்னால் இருப்பவை. இவற்றுக்கு ‘போர்’. செயல் கடந்து செல்லும் வழியும் ‘போர்’ பக்கம்தான் சேரும்.

பாடப்புத்தகங்களில் வரும் கோடிட்ட இடம் நிரப்புக பயிற்சியைப் போல ஒன்றைச் செய்து பார்ப்போம். லிஸ்பனில் இருக்கும் ஆனா, போர்த்து நகரிலுள்ள பாட்டியைப் பார்க்கக் கிளம்புகிறாள்.

முதல் வாக்கியம்: ‘அபஞ்ஞு உ கொம்போயு பாரா உ போர்த்து.’ போர்த்துவுக்குப் போகும் ரயிலைப் பிடிக்கிறேன். ரயில் சேரும் இடம் போர்த்து, ஆகவே ‘பாரா’. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரயிலைச் சொல்லாமல் “போர்த்துவுக்குப் போகிறேன்” என்று மட்டும் சொன்னால், சில நாளில் திரும்பி வருகிறவள் ‘வோ அவ் போர்த்து’ என்பாள். ‘வோ பாரா உ போர்த்து’ என்றால் அங்கேயே தங்கப் போகிறாள் என்ற எண்ணம் கேட்பவருக்கு வரும்.

இரண்டாவது: ‘உ கொம்போயு பாஸா போர் கொயிம்ப்ரா.’ ரயில் கொயிம்ப்ரா வழியாகப் போகிறது. கொயிம்ப்ரா சேருமிடம் அல்ல, கடந்து போகும் ஊர். ஆகவே ‘போர்’.

மூன்றாவது: ‘கொம்ப்ரெய் உ பில்யெத் போர் விந்த் எவ்ருஷ்.’ இருபது யூரோவுக்கு டிக்கெட் வாங்கினேன். தமிழில் ‘யூரோவுக்கு’ என்று நான்காம் வேற்றுமை வருவதால் மனம் ‘பாரா’வைத் தேடும். ஆனால் பணம் கைமாறிப் போன பொருள். டிக்கெட் அதற்கு ஈடாக வந்தது. எதற்கு ஈடாக எது என்று சொல்லும்போதெல்லாம் ‘போர்’.

நான்காவது: ‘எஷ்தா ப்ரெண்டா எ பாரா அ மிஞ்ஞா அவோ.’ இந்தப் பரிசு என் பாட்டிக்கு. பெறுகிறவர் பாட்டி, ‘பாரா’.

ஐந்தாவது: ‘ஃபிகு லா போர் தொய்ஷ் தியஷ்.’ அங்கே இரண்டு நாள் இருப்பேன். கொயிம்ப்ராவை ரயில் கடந்தது போல இந்த இரண்டு நாளையும் ஆனா கடக்கிறாள். கால அளவுக்கு ‘போர்’.

ஆறாவது: ‘உ ட்ரபால்யு எ பாரா செகுண்டா ஃபெய்ரா.’ வேலையைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இதுவும் காலம்தான். ஆனால் திங்கட்கிழமை கடக்கும் அளவு அல்ல, முன்னால் நிற்கும் கெடு. ஆகவே ‘பாரா’. “காலத்துக்கு எது வரும்?” என்று கேட்டால் பதில் கிடைக்காது. அளவா, கெடுவா என்று கேட்டால்தான் கிடைக்கும்.

ஏழாவது: ‘ஒப்ரிகாடு போர் துடு.’ எல்லாவற்றுக்கும் நன்றி. பேசுகிறவள் ஆனா என்பதால் அவள் ‘ஒப்ரிகாடா’ என்பாள். நன்றி சொல்லக் காரணமானது ஏற்கெனவே நடந்துவிட்டது; அது பின்னால் இருக்கிறது. நன்றிக்குப் பின் ‘பாரா’ வராது.

விடையைச் சரிபார்க்க இரண்டு மாற்றுத் தொடர்கள் உதவும். அந்த இடத்தில் ‘அ ஃபிம் த’, அதாவது ‘என்ற நோக்கத்தோடு’, பொருந்தினால் ‘பாரா’. ‘போர் கௌஸா த’, அதாவது ‘காரணமாக’, பொருந்தினால் ‘போர்’. நோக்கமும் காரணமும் குழம்பும் இடங்களுக்கு இது போதும். விலை, வழி, கால அளவு ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது.

அடுத்த சிக்கல் ‘போர்’ வேறு உருவத்தில் வருவது. பின்னால் சுட்டிடைச் சொல் வந்தால் அதோடு கலந்து ஆண்பாலில் ‘பெலு’ என்றும் பெண்பாலில் ‘பெலா’ என்றும் ஆகிவிடும். எழுத்தில் ‘பாரா’ அப்படிக் கலப்பதில்லை. ‘வோ பாரா அ ப்ராயா’ என்றால் கடற்கரைக்குப் போகிறேன். ‘வோ பெலா ப்ராயா’ என்றால் கடற்கரை வழியாக வேறெங்கோ போகிறேன். ‘பெலா’வுக்குள் இருக்கும் ‘போர்’ கண்ணில் படாதவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக வாசித்துவிடுவார்கள்.

ஆளைக் குறிக்கும் செயப்பாட்டு வினையிலும் ‘போர்’தான். 1572இல் வெளியான ‘ஒஷ் லுஸீயதஷ்’ காவியம் கமொய்ன்ஷால் எழுதப்பட்டது என்று சொல்ல ‘போர் கமொய்ன்ஷ்’ என்பார்கள். ‘பாரா கமொய்ன்ஷ்’ என்றால் யாரோ எழுதி அவருக்குக் கொடுத்ததாகிவிடும்.

‘எஷ்தார்’ என்ற வினையோடு சேரும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘எஷ்தா பாரா ஷொவேர்’ என்றால் மழை வரப்போகிறது. ‘அ கார்த்தா எஷ்தா போர் எஷ்க்ரெவேர்’ என்றால் கடிதம் இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது. முதலாவது வரப்போவதைக் காட்டுகிறது. இரண்டாவது செய்யாமல் விட்டதைக் காட்டுகிறது.

முன்னால், பின்னால் என்ற விதி கைவிடும் இடமும் ஒன்று உண்டு. சில வினைகள் ‘போர்’ரைத் தங்களோடு பிடித்து வைத்திருக்கின்றன. ஒருவருக்காகக் காத்திருப்பது ‘எஷ்பெரார் போர்’. ஒருவரை நலம் விசாரிப்பது ‘பெர்குந்தார் போர்’. ஒருவர்மீது காதல் கொள்வது ‘அபைஷொனார் ஸெ போர்’. காத்திருக்கும்போது ஆள் முன்னால்தான் இருக்கிறார், ஆனாலும் ‘போர்’. போராடுவதைக் குறிக்கும் ‘லுதார்’ வினையில் ஒரு பிரிவு உண்டு. பெயர்ச்சொல் வந்தால் ‘லுது பெலா லிபெர்தாத்’, விடுதலைக்காகப் போராடுகிறேன். பின்னால் வினை வந்தால் பெரும்பாலும் ‘லுது பாரா வென்ஸேர்’, வெல்வதற்காகப் போராடுகிறேன். இவற்றைக் காரணம் சொல்லி விளக்கிக்கொண்டிருப்பதைவிட வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

போர்த்துக்கீசம் கற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடிட்ட இடத்தை நிரப்பியதும் அடுத்த வாக்கியத்துக்கு ஓடாதீர்கள். பக்கத்தில் ஒரே சொல்லில் காரணத்தை எழுதுங்கள்: சேருமிடம், விலை, கெடு, வழி, வினையின் வழக்கம். விடை தவறியிருந்தால் அந்தச் சொல்லே உங்கள் எண்ணம் எங்கே வழுக்கியது என்று காட்டிவிடும். காரணம் எழுத வராத விடை, சரியாகவே இருந்தாலும், இன்னும் உங்களுடையது ஆகவில்லை.