காலரைத் திருப்பித் தைத்த சட்டை

ரஷ்ய எழுத்தாளர் கோகல் 1842-இல் வெளியிட்ட ‘மேல்கோட்டு’ கதையில், பீட்டர்ஸ்பர்க் அலுவலகமொன்றில் காகிதங்களை நகலெடுக்கும் ஒரு ஏழைக் குமாஸ்தா வருகிறார். அவருடைய பழைய கோட்டின் காலர் ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டே போகிறது. கோட்டில் எங்கே நைந்தாலும் ஒட்டுப்போடத் துணி அந்தக் காலரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பின்னர் வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்துப் புதுக்கோட்டு தைக்கும்போது, உயர்ந்த ரோமம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. தள்ளி நின்று பார்த்தால் அதுபோலவே தெரிகிற பூனை ரோமத்தைக் காலருக்கு வைக்கிறார்கள். அவர் எவ்வளவு ஏழை, எதற்கு ஆசைப்படுகிறார் என்று இரண்டு காலர்களே சொல்லிவிடுகின்றன. கடைப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

கதை எழுத வருகிறவர்கள் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒருவரைப் பணக்காரர் என்று காட்ட விலையுயர்ந்த சட்டையின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பத்து வருஷம் கழித்துப் படிப்பவருக்கு அந்தப் பெயர் வெறும் பெயர். துணியின் வகையை மட்டும் சொன்னாலும் இதே சிக்கல்தான். எழுபதுகளில் நம் ஊர்களில் டெரிலின் சட்டை போட்டவர் மிடுக்கானவர். இஸ்திரி போடாமலே கசங்காத துணி அது. இன்று அதே பாலியஸ்டர் மலிவுத் துணி, கசங்குகிற லினன்தான் வசதியின் அடையாளம். ஆகவே என்ன துணி என்பதைவிட, அந்தத் துணிக்கு என்னவெல்லாம் நேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி இறந்து சில மாதங்கள் ஆகின்றன. தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். தம்பியிடம் கடன் கேட்கும் எண்ணமும் இருக்கிறது. இதில் எதையும் நேரடியாகச் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு. வெள்ளைச் சட்டையின் உடல் பகுதி பழுத்து மங்கியிருக்கிறது, காலர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது. நைந்த காலரைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்திருக்கிறார். தையல்காரர்கள் முன்பு வழக்கமாகச் செய்துகொடுத்த வேலை இது. இந்த ஒரு விவரம் வயதையும் சேர்த்துச் சொல்கிறது. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. கூடவே, இவர் கந்தலாக வருகிறவர் இல்லை என்பதும் புரிகிறது. வறுமையைக் காட்ட உடனே கிழிசலைத் தேடுகிறோம். ஆனால் மானத்துக்கு அஞ்சுகிறவர்கள் கிழிசலோடு வெளியே வருவதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்க, கிழிசலை எப்படி மறைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது இழப்பு. வேட்டியில் அங்கங்கே நீலத் திட்டுகள். சொட்டு நீலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கலக்காமல் துணியை முக்கினால் இப்படித் திட்டு விழும். பல வருஷமாகத் தானே துவைக்கிற ஆள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார். சட்டையின் இரண்டாவது பித்தான் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் இத்தனை நாள் வெள்ளை நூல் எந்த டப்பாவில் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. ‘மனைவியை இழந்தவர்’ என்று எழுதாமலே வாசகர் அந்த வெற்றிடத்தைத் தொட்டுவிடுவார்.

மனநிலைக்குத் துணியைவிடக் கைதான் முக்கியம். தம்பி பக்கத்தில் வரும்போது அவர் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மார்போடு பிடித்துக்கொள்கிறார், கறுப்பு நூல் மறைகிறது. அந்த அசைவில் வெட்கம் இருக்கிறது, கேட்கப்போகிற தயக்கமும் இருக்கிறது. ‘அவர் வருத்தமாக இருந்தார்’ என்ற வரி இனி எதற்கு?

இந்த நான்கையும் அவர் மண்டபத்துக்குள் நுழைகிற பத்தியிலேயே கொட்டிவிட்டால் சலவைக் கணக்கு மாதிரி ஆகிவிடும். நுழையும்போது நீலத் திட்டு மட்டும் போதும். பந்தியில் குனிந்து சாப்பிடும்போது காலர் தெரியட்டும். நூலைக் கடைசிவரை வைத்திருக்கலாம். எழுதியதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. உடையைப் பற்றிய வாக்கியத்தை அப்படியே எடுத்து இன்னொரு பாத்திரத்துக்குப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் உறுத்தாமல் பொருந்தினால் அது வெறும் அலங்காரம், வெட்டிவிடலாம்.

யார் கண்ணில் படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுக்கிற பையனுக்கு அவர் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர், அவ்வளவுதான். திருப்பித் தைத்த காலர் அவன் கண்ணில் பட்டது என்று எழுதினால் எழுத்தாளர்தான் அங்கே எட்டிப்பார்க்கிறார். தம்பி மனைவிக்கு அது ஒரு பார்வையிலேயே தெரியும். தெரிந்ததும் அவள் அடுக்களைப் பக்கம் கணவனைக் கூப்பிட்டு, “அண்ணன் ஏதாவது கேட்டா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிடுங்க” என்பாள்.