கேட்காமல் வரும் அனுமதிக் கோரிக்கை

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஸ்லாக் அரட்டையில், நிறுவனம் ஹேக் செய்யப்பட்டுவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. போட்டவர் ஹேக்கரேதான். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சில ஊழியர்கள் சிரிப்புப் பொம்மைகளைப் பதிலாக அனுப்பினார்கள்.

அவர் உள்ளே வந்த வழி மிகச் சாதாரணமானது. ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு கசிந்து, கள்ளச் சந்தையில் விலைபோயிருக்க வேண்டும் என்றது ஊபர். அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இருந்தது. ஹேக்கர் திரும்பத் திரும்ப உள்நுழைய முயன்றார். ஒவ்வொரு முறையும் ஊழியரின் போனில் ‘அனுமதிக்கலாமா?’ என்ற கேள்வி வந்து நின்றது. மறுத்துக்கொண்டே இருந்தவர், ஒருகட்டத்தில் சம்மதித்துவிட்டார். ஐ.டி. பிரிவு ஆள் என்று வாட்ஸ்அப்பில் சொல்லி நம்பவைத்தேன் என்பது ஹேக்கர் பின்னர் சொன்ன கதை.

ஒரு ஆள் அசந்ததோடு இது முடிந்திருக்க வேண்டும். ஒப்பந்த ஊழியரின் கணக்கில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? ஆனால், பலரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் கோப்புறையில் கிடந்த புரோகிராமுக்குள் நிர்வாகியின் பாஸ்வேர்டு அப்படியே எழுதப்பட்டிருந்ததாகவும், மற்ற கதவுகளை அதுவே திறந்ததாகவும் அவர் சொல்லிக்கொண்டார். அந்தக் கோப்புறை அந்த ஊழியரின் வேலைக்குத் தேவைதானா என்று முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை நம் ஊர் அலுவலகத்திலும் கேட்டுப்பார்க்கலாம். நூறு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பிரிவில் இருந்தவர் கணக்குப் பிரிவுக்கு மாறுகிறார். புது வேலைக்கான அனுமதியை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுவார்கள். பழையதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இப்போது புதிய சப்ளையர் பெயரைச் சேர்ப்பதும் அவரே, அந்தப் பெயருக்குப் பணம் அனுப்புவதும் அவரே. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் பாஸ்வேர்டைத் திருடியவன் அப்படி இருக்க மாட்டானே.

அதனால்தான் அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுக்கிறார்கள். ‘பில் பதிபவர்’, ‘பணம் விடுவிப்பவர்’ என்று பொறுப்புகளை வகுத்து, அந்தந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் அதனதனோடு சேர்த்துவிட வேண்டும். ஆள் மாறினால் பழைய பொறுப்பிலிருந்து பெயரை எடுத்தால் போதும், அனுமதியும் கூடவே போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர்ப் பட்டியலைத் துறைத் தலைவரிடம் காட்டி, ‘இவருக்கு இது இன்னும் வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். ‘ரமேஷுக்கு இருப்பதையே இவருக்கும் போட்டுவிடுங்கள்’ என்ற வாக்கியம்தான் இதையெல்லாம் கெடுப்பது.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கொண்டுவரும்போது முணுமுணுப்பு வரும். அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளக் கூடாது என்பேன். ‘என் சொந்த போனில் கம்பெனி ஆப் எதற்கு?’ என்பது நியாயமான கேள்வி. போனில் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள். அப்போதும் வேண்டாம் என்பவருக்கு யு.எஸ்.பி.யில் செருகும் பாதுகாப்புச் சாவி இருக்கிறது. குடோனில் சிக்னல் இல்லை என்கிறவருக்கு, 30 விநாடிக்கு ஒருமுறை எண்ணை மாற்றும் ஆப் சரிப்படும். அதற்கு நெட் தேவையில்லை. ஒரே கவுண்டர் கணினியில் மூன்று பேர் ஒரே பெயரில் நுழைகிறார்கள் என்றால், முதலில் அவரவருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள்.

யாரிடமிருந்து தொடங்குவது? நிர்வாகி அனுமதி உள்ளவர்கள், பிறகு பணம் தொடுபவர்கள், பிறகு மற்றவர்கள். முதலாளிக்கு விலக்கு கொடுத்த அன்றே திட்டம் படுத்துவிடும். குறிவைக்கப்படுவதும் பெரும்பாலும் அவர் கணக்குதான்.

வெறும் ‘சரி’ பொத்தானைத் தட்டும் முறையைத் தவிர்த்துவிடுங்கள். உள்நுழையும் திரையில் தெரியும் இரண்டு இலக்க எண்ணைப் போனில் அடிக்கும் முறையை 2023 மே மாதத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் ஆப்பில் கட்டாயமாக்கியது. எரிச்சலில் தட்டிவிட அதில் வழியில்லை. ஆனாலும் அந்த எண்ணையே போனில் சொல்லி அடிக்கவைக்கும் ஆட்கள் உண்டு. போலித் தளத்தில் மாட்டாமல் காப்பது பாதுகாப்புச் சாவிதான். சரியான முகவரி இல்லாவிட்டால் அது வேலையே செய்யாது.

போன் தொலைந்தவருக்கு மறுபடி அனுமதி கொடுக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். அழைத்தவர் அவசரப்படுத்தினார் என்று ஹெல்ப்டெஸ்க் மீட்டமைத்துக் கொடுத்தால், மற்ற எல்லாம் வீண். பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைப்பதும், மேலாளர் நேரில் அடையாளம் காட்டுவதும் கொஞ்சம் நேரமெடுக்கும், எடுக்கட்டும்.

நீங்கள் உள்நுழையாத நேரத்தில் போனில் அனுமதிக் கோரிக்கை வந்தால், மறுத்துவிட்டு உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஐ.டி. பிரிவிடமும் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்போது உங்கள் பாஸ்வேர்டு வேறொருவர் கையில் இருக்கிறது.