வள்ளி சொன்ன மூணு வார்த்தை

தோட்டத்துப் பிள்ளைகளே, இன்றைக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு. ஒரு கதை சொல்லப் போகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படியுங்கள். தெரியாத தம்பி தங்கைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்பா அம்மாவும் கொஞ்சம் காது கொடுத்தால் நல்லதுதான்.

செம்பனைத் தோட்டமொன்றில் கடைசி லயத்தில் வள்ளி என்றொரு பெண் இருந்தாள். வயது பத்து. அப்பா, அம்மா, பாட்டி, தம்பி முருகு என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம். ஒருநாள் அவள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்குத் தீயணைப்புப் படையினர் சிவப்பு லோரியில் வந்தார்கள். நாம் பொம்பா என்று சொல்கிறோமே, அவர்கள்தான். வள்ளி அன்றைக்கு மூணு வார்த்தை கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, உடுப்புல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது? தண்ணித் தொட்டிக்கு ஓட வேண்டியதுதான்."

"ஓடக் கூடாதுப்பா! ஓடினா காத்து படும். அடுப்பை ஊதுற மாதிரி தீ பெரிசாகிடும். நில், படு, உருள். இதைத்தான் செய்யணும்."

அப்பா சிரித்தார். வள்ளி விடவில்லை. முன்கூடத்தில் பாயை விரித்துச் செய்து காட்டினாள். முதலில், இருந்த இடத்திலேயே நின்றாள். அடுத்து, சட்டென்று தரையில் படுத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டாள்.

"எதுக்குப் படுக்கணும்?" என்று அம்மா கேட்டாள்.

"தீ மேலதானம்மா ஏறும். மெழுகுவத்தியைப் பாருங்க. நின்னுக்கிட்டே இருந்தா பாவாடையில பிடிச்ச தீ நெஞ்சுக்கும் முகத்துக்கும் வந்துடும். படுத்துட்டா அப்படி ஏறாது. உருளும்போது உடம்புக்கும் தரைக்கும் நடுவுல தீ நசுங்கும். காத்து கிடைக்காம அணைஞ்சிடும்."

"எத்தனை தடவை உருளணும்?"

"கணக்கு இல்லம்மா. முழுசா அணையற வரைக்கும்."

அன்று முதல் முருகுவுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. ஒருநாள் அடுப்பில் பருப்பு அடிபிடித்து வீடெல்லாம் புகை. உடனே அவன் தொப்பென்று விழுந்து உருண்டான். வள்ளி அவனைத் தூக்கி நிறுத்தினாள். "டேய், உன் சட்டையில தீ இருந்தாத்தான் உருளணும். வீட்ல புகை வந்தா குனிஞ்சு தவழ்ந்து வெளியே போயிடணும். உள்ளேயே உருண்டுக்கிட்டிருந்தா மூச்சு முட்டிப் போயிடும்" என்றாள். பிள்ளைகளே, இந்த வித்தியாசத்தை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் கொட்டினாலும் உருளக் கூடாது. அதற்குக் குழாய்த் தண்ணீர்தான்.

பாட்டிக்கு முட்டிவலி. "என்னால விழவும் முடியாது, உருளவும் முடியாது தாயி. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். வள்ளிக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஆசிரியரைக் கேட்டு வந்தாள். "நீங்க ஓடாம நின்னு சத்தம் போடுங்க பாட்டி. நாங்க கனமான பருத்திப் போர்வையைக் கழுத்துலேர்ந்து கீழ் நோக்கிச் சுத்தி, உங்களை மெதுவா படுக்க வச்சிடுவோம். தலையை மூட மாட்டோம்." அன்றைக்கே அம்மா கெட்டிப் போர்வை ஒன்றை எடுத்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். நைலான் துணி மட்டும் ஆகாது. அது தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயந்திரம் அது. அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். கேஸ் அடுப்பின் இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தது. சுவர்ப் பலகையில் இருந்த உப்பு டின்னை எடுக்க அடுப்புக்கு மேலே கையை நீட்டினாள். நைட்டியின் தொளதொள கை தீயில் பட்டது. பருத்தித் துணி, குப்பென்று பிடித்து முழங்கைக்கு ஏறியது.

அம்மா மற்றக் கையால் தட்டினாள். தீ அணையவில்லை. அலறிக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பினாள். கற்றுக்கொண்டதெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. பயத்தில் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

"அம்மா, நில்லுங்க!" வள்ளியின் குரல் வீட்டையே உலுக்கியது. "படுங்க! முகத்தை மூடுங்க! உருளுங்க!"

அந்தக் குரலை அம்மா பத்துத் தடவை முன்கூடத்தில் கேட்டிருக்கிறாள். கால் தானாக நின்றது. அடுப்பை விட்டு ஓரடி தள்ளித் தரையில் படுத்தாள். முகத்தை மூடிக்கொண்டு, எரிகிற பக்கம் தரையில் அழுந்தும்படி உருண்டாள். அப்பா ஓடிவந்து ஆணியில் இருந்த போர்வையை எடுத்து அவள் தோளிலிருந்து கீழே போட்டு அமுக்கினார். பாட்டி வலிக்கிற காலோடு எட்டு வைத்து அடுப்பை அணைத்தார். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை யாரும் தொடவில்லை. நூறு எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தீ அணைந்தது. ஆனாலும் உள்ளே சூடு இருந்தது. துணி எரிவது நின்ற பிறகும் தோல் வெந்துகொண்டே இருக்கும். வள்ளி அம்மாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கையைத் தண்ணீரில் காட்டச் சொன்னாள். கை வீங்குவதற்கு முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றினாள். தோலோடு ஒட்டியிருந்த துணியைப் பிய்க்காமல், சுற்றியிருந்ததை மட்டும் கத்தரியால் வெட்டினார்கள்.

பாட்டி கிச்சாப் போத்தலோடு வந்தார். "கிச்சாப்பும் வேணாம், பற்பசையும் வேணாம் பாட்டி. ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. தண்ணி மட்டும், இருபது நிமிஷம்" என்றாள் வள்ளி. முருகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிடத்தில் "போதும்மா, குளிருது" என்று அம்மா சொன்னபோது, தோளில் காய்ந்த துண்டைப் போர்த்தினார்கள். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்க மட்டும் விடவில்லை. பிறகு வெள்ளைத் துணியால் தளர மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். முகத்திலும் கழுத்திலும் ஒரு தழும்பு இல்லை. அந்தத் தீபாவளிக்கு முறுக்கு பாதிதான். அம்மா முழுசாக இருந்தாள்.

கதை முடிந்தது. பெரியவர்களிடம் நமக்கு ஒரு பேச்சு இருக்கிறது. வள்ளியின் அம்மாவைக் காப்பாற்றியது அவளுடைய ஞாபகம் அல்ல, பழக்கம்தான். ஞாபகம் பயத்தில் போய்விட்டதை நாம் பார்த்தோம். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை முன்கூடத்தில் பாயை விரியுங்கள். பிள்ளை கட்டளை சொல்லட்டும், அப்பா அம்மா படுத்து உருளட்டும். முகத்தை மூட மறந்தவர் மறுபடி செய்யட்டும். வீட்டில் விழ முடியாத பெரியவர் இருந்தால், போர்வை எங்கே, அதை எடுப்பது யார் என்று அன்றைக்கே முடிவு செய்யுங்கள். தீப்பிடித்த பிறகு தேடினால் போர்வை கிடைக்காது.

கொப்புளம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ, சின்னப் பிள்ளைக்கும் வயதானவருக்கும் பட்டிருந்தாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் 999-க்குப் போன் செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு வரும் வழி மூன்றையும் சொல்லத் தெரிய வேண்டும். அதையும் வள்ளி வயதுப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுங்கள். அவள் மறக்க மாட்டாள்.