இரண்டு எண்களும் ஒரு வகுத்தலும்

இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் தொடை இரண்டும் துவண்டுபோகின்றன. இரவில் மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறாள். மருத்துவரிடம் போனால் பிரஷர் 168/108. இந்த வயதில் இவ்வளவா என்று மறுநாளும் பார்த்தார்கள், குறையவில்லை. டெல்மிசார்ட்டான் மாத்திரை எழுதிக் கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். சோடியம், கிரியாட்டினின் எல்லாம் சரியாக இருந்தன. பொட்டாசியம் மட்டும் 2.7. இருக்கவேண்டியது குறைந்தபட்சம் 3.5.

வாந்தியில்லை, பேதியில்லை, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையும் சாப்பிடவில்லை. டெல்மிசார்ட்டான் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்தல்ல, சற்றே ஏற்றிவிடும் மருந்து. அதைச் சாப்பிட்டும் 2.7 என்றால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை சிறுநீர் வழியாகத்தான் இருக்கவேண்டும். இளம் வயது, அதிக பிரஷர், குறைந்த பொட்டாசியம் என்ற மூன்றும் ஓரிடத்தில் கூடினால் மருத்துவர் எழுதும் பரிசோதனைதான் ஆல்டோஸ்டிரோன்–ரெனின் விகிதம்.

ஆல்டோஸ்டிரோன் என்பது சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். சிறுநீராகப் போகவிருக்கும் உப்பை மறித்து உடம்புக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. உப்பு உள்ளே வரும்போது அதற்கு ஈடாகப் பொட்டாசியம் வெளியே போகும். ரெனின் சிறுநீரகத்தில் உண்டாவது. தன்னிடம் வரும் ரத்தம் குறைந்தாலோ உப்பு குறைந்தாலோ சிறுநீரகம் ரெனினை விடும். அது ஆஞ்சியோடென்சின் என்ற இடைத்தரகர் மூலம் அட்ரீனலைத் தட்டியெழுப்பும். அட்ரீனல் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும். உப்பும் நீரும் உடம்பில் சேரும். போதும் என்று ஆனதும் ரெனின் இறங்கும், அதன் பின்னாலேயே ஆல்டோஸ்டிரோனும் இறங்கும்.

ஆக, ரெனின் உத்தரவு, ஆல்டோஸ்டிரோன் அந்த உத்தரவுக்கு நடக்கும் வேலை. இரண்டும் சேர்ந்தே ஏறவேண்டும், சேர்ந்தே இறங்கவேண்டும். உத்தரவே இல்லாமல் வேலை நடந்துகொண்டிருந்தால் அட்ரீனல் தன்னிச்சையாக இயங்குகிறது என்று பொருள். உப்பு தேங்கி பிரஷர் ஏற ஏற, சிறுநீரகம் பயந்து ரெனினை முழுக்க நிறுத்திவிடும். அட்ரீனலோ கேட்பதாக இல்லை. அதனால்தான் ஆல்டோஸ்டிரோனை மட்டும் அளந்தால் போதாது. அது 20 என்றால் அதிகமா இல்லையா என்பதைப் பக்கத்தில் இருக்கும் ரெனின்தான் சொல்லும்.

இந்த நோயை முதலில் விவரித்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரோம் கான். 1954இல் அவரிடம் வந்தவர் 34 வயதுப் பெண். ஏழு ஆண்டுகளாகத் தசை இழுப்பும் பலவீனமும், கூடவே பிரஷர். அட்ரீனல் சுரப்பிகள் இரண்டையுமே எடுத்துவிடுவது என்று முடிவுசெய்துதான் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். உள்ளே வலது அட்ரீனலில் ஒரு கட்டி தெரிந்தது. இரண்டு ஹார்மோன்களையும் வகுத்துப் பார்க்கும் யோசனை வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, 1981இல், ஜப்பானிய மருத்துவர்களிடமிருந்து.

நம் டீச்சருக்கு வருவோம். பொட்டாசியம் ரிப்போர்ட் வந்த அதே வாரத்தில் விகிதமும் பார்த்தார்கள். ஆல்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 14 நானோகிராம். ரெனினின் செயல்வேகம் மில்லிலிட்டருக்கு ஒரு மணி நேரத்தில் 0.9 நானோகிராம். 14ஐ 0.9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16. இந்த அளவுமுறையில் பொதுவாக 20 அல்லது 30ஐத் தாண்டினால்தான் சந்தேகம். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சாகிவிட்டது.

பலர் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். அனுபவசாலியான ஹார்மோன் மருத்துவர் மூடமாட்டார். அவர் பார்ப்பது 16ஐ அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டு எண்களையும், ரத்தம் எடுத்த நாளின் நிலவரத்தையும்.

முதலில் பொட்டாசியம். உடம்பில் அது குறைந்தால் ஆல்டோஸ்டிரோன் சுரப்பும் தானாகவே தணியும். கட்டி இருந்தாலும் ஓரளவு தணியும். 2.7இல் எடுத்த 14 என்பது அடக்கி வாசித்த எண். நியாயமாக, பொட்டாசியம் இவ்வளவு குறைந்த ஆரோக்கியமான உடம்பில் ஆல்டோஸ்டிரோன் அதைவிட வெகுவாகக் குறைந்திருக்கவேண்டும். அடுத்தது மாத்திரை. டெல்மிசார்ட்டான் வகை மருந்துகள் ஆஞ்சியோடென்சினின் வழியை மறிப்பவை. அதனால் சிறுநீரகம் உத்தரவு போய்ச்சேரவில்லை என்று நினைத்துக்கொண்டு ரெனினைக் கூடுதலாக விடும். வகுக்கும் எண் பெருத்தால் விடை சிறுக்கும். அந்த மருந்தைச் சாப்பிட்டும் ரெனின் 0.9தான் என்பதே, உள்ளே ஏதோ அதை அழுத்திப் பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்தான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது, படிக்கத் தெரிந்தவருக்கு.

மறுபடி எடுப்பதென்று முடிவாயிற்று. டெல்மிசார்ட்டானை நிறுத்தி, இந்த இரு ஹார்மோன்களையும் அதிகம் கலைக்காத வெராபமில் கொடுத்தார்கள். இரண்டு வாரம் போகவேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் குறைந்தது நான்கு வாரம். இதையெல்லாம் நோயாளி தானாகச் செய்யக்கூடாது. 168 பிரஷரோடு மருந்தில்லாமல் இருப்பது விளையாட்டல்ல. பொட்டாசியம் சிரப் கொடுத்து அளவை 4க்குக் கொண்டுவந்தார்கள். உப்பைக் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம், பரிசோதனை முடியும்வரை வழக்கமான உப்போடு சாப்பிடச் சொன்னார்கள். உப்பைக் குறைத்தாலும் ரெனின் ஏறி விடையைக் கெடுத்துவிடும். பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரைகளும், மூட்டுவலிக்குப் போடும் ஐபுபுரூஃபன் போன்றவையும் நேரெதிர். அவை ரெனினைத் தாழ்த்தி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

ரத்தம் எடுப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. காலையில், படுக்கையைவிட்டு எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடியபிறகு, ஐந்து பத்து நிமிடம் உட்காரவைத்து எடுக்கவேண்டும். ‘கையை மூடி மூடித் திறங்க’ என்று சொல்வது லேப்களில் பழகிப்போன வழக்கம். அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து, 3.2 இருப்பது 3.8ஆகத் தெரியலாம். எனக்கு மிகவும் வேடிக்கையாகப் படுவது ஐஸ். ஹார்மோன் சமாசாரம், பத்திரமாகக் கொண்டுபோகவேண்டும் என்று குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவார்கள். குளிரில், ரத்தத்தில் செயலற்றுக் கிடக்கும் ரெனினின் முன்வடிவம் விழித்துக்கொண்டு உண்மையான ரெனினாக மாறும். ரெனின் பொய்யாக ஏறும், விகிதம் பொய்யாக இறங்கும். அக்கறையால் வந்த தவறு. ரத்தம் பிரிக்கப்படும்வரை குழாய் சாதாரண அறை வெப்பத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது முறை வந்த எண்கள்: ஆல்டோஸ்டிரோன் 32, ரெனின் 0.2. வகுத்தால் 160.

இதைப் பார்த்துவிட்டு, விகிதம் பெரிதாக இருந்தாலே நோய் என்றும் முடிவுகட்டக்கூடாது. வகுக்கும் எண் மிகச் சிறியதானால் விடை தானாகப் பெருக்கும். ஆல்டோஸ்டிரோன் வெறும் 5, ரெனின் 0.1 என்றால் விகிதம் 50 வரும்; அங்கே ஆல்டோஸ்டிரோன் அதிகமே இல்லை. அதனால் விகிதத்தோடு, ஆல்டோஸ்டிரோன் குறைந்தது 10 அல்லது 15 இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இன்னொன்று, எல்லா லேப்பும் ரெனினை ஒரே முறையில் அளப்பதில்லை. சிலர் அதன் செயல்வேகத்தை அளக்கிறார்கள், சிலர் நேரடியாக அதன் அளவையே. இரண்டாவது முறையில் விகிதம் 4 வந்தாலே அதிகம். ஒரு லேப்பின் ரிப்போர்ட்டை இன்னொரு லேப்பின் எல்லையோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

விகிதம் பெரிதாக இல்லாவிட்டாலும் அந்த இரண்டு எண்கள் வேறு கதைகளைச் சொல்லும். ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் சேர்ந்தே உயர்ந்திருந்தால் உத்தரவே அதிகமாக வருகிறது. இளம்பெண்களில் சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் தேடவேண்டும். இரண்டுமே தாழ்ந்திருந்து, பொட்டாசியமும் குறைந்து, பிரஷரும் இருந்தால், ஆல்டோஸ்டிரோனின் வேலையை வேறு எதுவோ செய்கிறது. லிடில் நோய் போன்ற அரிய பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அதற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இருக்கிறது: தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்று அதிமதுரத்தைத் தினமும் மென்றுகொண்டிருக்கிறாரா? அதில் இருக்கும் கிளிசிரைசிக் அமிலம், உடம்பில் ஏராளமாக இருக்கும் கார்ட்டிசாலைச் சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோன் மாதிரி நடிக்கவிட்டுவிடும். நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகும்.

டீச்சர் அதிமதுரம் சாப்பிடவில்லை. வழக்கமாக அடுத்து ஓர் உறுதிப்பாட்டுச் சோதனை உண்டு. நான்கு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் உப்புநீரை நரம்பில் ஏற்றி, அப்போதாவது ஆல்டோஸ்டிரோன் இறங்குகிறதா என்று பார்ப்பது. பொட்டாசியம் தானாகவே குறைந்து, ரெனின் கிட்டத்தட்ட இல்லாமல், ஆல்டோஸ்டிரோன் 20க்கு மேல் இருந்தால் அது தேவைப்படாது. நேராக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இடது அட்ரீனலில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி. வலது பக்கம் சுத்தம்.

ஐம்பது வயதுக்காரருக்கு இதே ஸ்கேன் வந்திருந்தால் மருத்துவர் நம்பியிருக்கமாட்டார். வயது ஏற ஏற, எதுவும் சுரக்காத வெறும் கட்டிகள் அட்ரீனலில் சாதாரணம். ஹார்மோன் உண்மையில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிய, இரு அட்ரீனல் சிரைகளிலும் மெல்லிய குழாய் விட்டு ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். வலதுபக்கச் சிரை மிகக் குட்டை, கைதேர்ந்தவர்களுக்கே சிக்காது. 35 வயதுக்குள் இருப்பவருக்கு, எண்கள் இவ்வளவு தெளிவாக இருந்து ஒரு பக்கம் மட்டும் கட்டி இருந்தால், அந்தப் படியைத் தாண்டிப் போகலாம் என்பது பல நிபுணர்கள் ஏற்கும் வழி. இரு பக்கமும் சுரப்பதாக இருந்திருந்தால் கத்தி கிடையாது. ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரைதான்.

லேப்ராஸ்கோப்பி மூலம் இடது அட்ரீனலை எடுத்தார்கள். பொட்டாசியம் சிரப்பை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். பிரஷர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, வாரங்களோ மாதங்களோ ஆகும். வயது குறைவு, பிரஷர் வந்து அதிக காலமும் ஆகவில்லை என்பதால் மாத்திரையே இல்லாமல் இருக்க அவளுக்கு வாய்ப்பு நிறைய.

வீட்டுக்குப் போகும்போது தரும் சாப்பாட்டுச் சீட்டைப் பார்த்து அவள் அம்மாவுக்குத் திகைப்பு. முதல் சில வாரங்களுக்கு உப்பைக் குறைக்கவேண்டாம், இளநீரும் வாழைப்பழமும் அளவோடு என்று எழுதியிருந்தது. “இத்தனை நாள் ஊறுகாயைக் கண்ணிலேயே காட்டக்கூடாதுன்னீங்களே டாக்டர்?” என்று கேட்டார். கட்டி இருந்த காலமெல்லாம் வலது அட்ரீனலுக்கு உத்தரவே வரவில்லை, அது உறங்கிப்போயிருக்கிறது. அது விழிக்கும்வரை ஆல்டோஸ்டிரோன் பற்றாது, பொட்டாசியம் இப்போது மேலே ஏறப்பார்க்கும். அதனால் வாரம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வரச்சொல்லியிருந்தார்கள்.