“அறிக்கை எங்கே?” என்று மேடம் கேட்டால்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பேராசிரியையிடமிருந்து இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல். “மினி ப்ராஜெக்ட் அறிக்கைக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. உங்களுடையது இன்னும் வரவில்லையே, ஏன்?” மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவன் ஒருவனுக்கு இது வந்ததாக வைத்துக்கொள்வோம். அறிக்கை பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது, முழுதாக முடியவில்லை. அவன் என்ன பதில் எழுதுவான்?

பெரும்பாலும் முதலில் எதுவுமே எழுத மாட்டான். இரண்டு நாளில் முடித்து, பதிலோடு சேர்த்தே அனுப்பிவிடலாம் என்று நினைப்பான். அங்கேதான் காரியம் கெடுகிறது. கேள்வி கேட்டவருக்கு அந்த இரண்டு நாளும் மௌனம் மட்டும்தான் தெரியும். அறிக்கை தாமதமானதை மறந்துவிடக்கூடிய ஆசிரியர்கள்கூட, கேட்டும் பதில் வராததை மறப்பதில்லை.

எழுதத் துணிந்தால் அது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “மரியாதைக்குரிய மேடம், முதற்கண் என்னை மன்னிக்க வேண்டுகிறேன். தவிர்க்க முடியாத சில காரணங்களால் உரிய நேரத்தில் சமர்ப்பிக்க இயலவில்லை. இதற்காக மிகவும் வருந்துகிறேன். தயவுசெய்து என் எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு, இந்த ஒருமுறை மன்னித்து வாய்ப்பளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம் பெரிதாக வளர்ந்து கல்லூரிக்கு வந்ததுபோல இருக்கிறது. பணிவு நிறைய இருக்கிறது, செய்தி ஒன்றுகூட இல்லை. என்ன காரணம், எவ்வளவு முடிந்திருக்கிறது, எப்போது வரும்? மூன்றுக்கும் பதில் கிடையாது. இதைப் படித்த மேடம் இன்னொரு மின்னஞ்சல் போட்டு அதையெல்லாம் கேட்க வேண்டும்.

அவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடம் ஒன்றின் 100 மதிப்பெண்ணில் 40 இன்டர்னலுக்குப் போகிறது. தேர்வு, அசைன்மென்ட், ப்ராஜெக்ட் என்று பிரித்துப் போட்ட மதிப்பெண்களைக் குறித்த தேதிக்குள் பதிவு செய்தாக வேண்டும். தேதி தாண்டினால் துறைத்தலைவர், முதல்வர் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியவர் ஆசிரியர்தான். எனவே “ஏன் வரவில்லை?” என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: உனக்காகக் காத்திருக்கவா, சைபர் போட்டுவிடவா? நல்ல பதில் என்பது அவர் இதை முடிவு செய்வதற்கு உதவும் பதில்.

மன்னிப்பைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்டது. மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்து, எது எவ்வளவு எடுபடுகிறது என்று பார்த்தார்கள். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது முதலிடம் பிடித்தது. அதைச் சரிசெய்கிறேன் என்பது இரண்டாமிடம். “என்னை மன்னியுங்கள்” என்ற வேண்டுகோள்தான் கடைசி. நம் மாணவனின் கடிதத்தில் கடைசியில் இருப்பதுதான் நிறைந்திருக்கிறது. முதல் இரண்டையும் காணோம்.

அதே மாணவன் இப்படி எழுதினால் எப்படி இருக்கும்? கல்லூரிகளில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும்; எந்த மொழியில் போனாலும் விஷயம் இதுதான்.

“மதிப்பிற்குரிய மேடம்,

வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய அறிக்கையை நான் இன்னும் முடிக்கவில்லை. சென்சார் அளவீடுகளில் பிழை இருந்ததால் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நாளில் முடியும் என்று தப்புக்கணக்குப் போட்டுவிட்டேன். தாமதமாகும் என்று புதன்கிழமையே தெரிந்தும் உங்களிடம் சொல்லாதது என் தவறு. மன்னிக்கவும்.

ஐந்து அத்தியாயங்களில் நான்கு முடிந்துவிட்டன. அவற்றை இணைத்திருக்கிறேன். ‘முடிவுகள்’ பகுதியையும் சேர்த்து முழு அறிக்கையை இந்த வியாழன் மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுவேன். தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்தால் ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு முன்பே மதிப்பெண் பதிவு செய்ய வேண்டியிருந்தால், இப்போது அனுப்பியதை வைத்து மதிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

கீழே பெயர், பதிவு எண், பாடக் குறியீடு. அவ்வளவுதான்.

இதில் மன்னிப்பு ஒரே ஒரு முறைதான் வருகிறது. அது எதற்காக வருகிறது என்பதையும் கவனியுங்கள். அளவீடு பிழைத்தது யாருக்கும் நடக்கக்கூடியது, அதற்குக் காரணம் சொன்னால் போதும். புதன்கிழமையே வாய் திறக்காததற்குத்தான் மன்னிப்பு தேவை, அங்கேதான் அது இருக்கிறது. மதிப்பெண் குறைப்பை ஏற்கிறேன் என்ற வரி இல்லாவிட்டால் கடிதம் பேரம் பேசுவதுபோலாகிவிடும். கடைசி வாக்கியம் இரண்டு வழியைக் காட்டிவிட்டு முடிவை மேடத்திடமே விடுகிறது.

வியாழக்கிழமை என்பதும் யோசித்துப் போட்ட நாள். புதனன்று முடியும் என்று தோன்றினால் வியாழன் என்று எழுதுவதுதான் புத்திசாலித்தனம். இரண்டாவது தேதியும் தவறினால் அதற்கு எழுத எந்தக் கடிதமும் உதவாது.

காரணத்தைப் பொறுத்தவரை, உண்மையைத் தவிர வேறெதையும் எழுத வேண்டாம். மைக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், தேர்வு நெருங்க நெருங்க மாணவர்களின் பாட்டிகள் இறந்துபோவது எப்படி அதிகரிக்கிறது என்று நையாண்டிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க ஆசிரியர்கள் இந்தக் கதையைக் கேட்டுச் சலித்தவர்கள். நிஜமாகவே பாட்டியை இழந்த பிள்ளைக்குத்தான் இதனால் கஷ்டம். “போன வாரமே முடித்துவிட்டேன், அனுப்பத்தான் மறந்துவிட்டேன்” என்பதும் ஆபத்து. கூகுள் டாக்ஸில் எழுதி, திருத்தும் உரிமையோடு பகிர்ந்திருந்தால் Version history பகுதியைத் திறந்தாலே எந்த வரியை எந்த நாள் எத்தனை மணிக்கு எழுதினீர்கள் என்று தெரிந்துவிடும். உண்மையாகவே காய்ச்சலில் படுத்திருந்தால் ஒரு வரி, மருத்துவச் சான்றிதழ் இருந்தால் இணைப்பு, அது போதும். காய்ச்சல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று, அற்பமாகத் தோன்றினாலும் அடிக்கடி நடப்பது. அறிக்கையை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் மட்டும் அனுப்புவார்கள். டிரைவ் வழக்கமாக அதைப் பூட்டியே வைத்திருக்கும். ஆசிரியர் திறந்தால் Request access என்ற பொத்தான்தான் வரும். அனுமதி கேட்டு வந்த மின்னஞ்சலை மாணவன் மறுநாள்தான் பார்ப்பான். தாமதத்துக்குப் பதில் எழுதியவன் மறுபடியும் ஒரு நாள் தாமதம். பகிர்வை Anyone with the link என்று மாற்றிவிட்டு, பிரௌசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். 25 எம்பிக்குள் இருந்தால் ஜிமெயிலில் பிடிஎஃப் ஆக நேரடியாக இணைத்துவிடலாம். இந்தத் தொல்லையே இல்லை.

“இனி ஏற்க முடியாது” என்று மேடம் மறுத்துவிட்டால்? அதுவும் நடக்கும். கெஞ்சி இரண்டாவது கடிதம் எழுதுவது, துறைத்தலைவருக்கு நகல் போடுவது, நண்பனை விட்டுப் பேசச் சொல்வது எல்லாம் வேண்டாம். புரிந்துகொண்டேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, சொன்ன நாளில் அறிக்கையை அனுப்பிவிடுங்கள். பழைய மின்னஞ்சல் தொடரிலேயே அனுப்புங்கள், தேடாமல் எடுத்துப் பார்க்க அவருக்கு வசதி. மன்னிப்பை அதில் மறுபடி எழுத வேண்டாம். அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது என்பது போதும்.