டிவி திரையில் விரல் ரேகை: தண்ணீர் மட்டும் ஏன் போதாது?

முறுக்கு தின்ற கையோடு குழந்தை டிவியைத் தொட்டால் படிவது எண்ணெய். தண்ணீர் அதோடு கலக்காது. துடைத்தால் கறை இடம் மாறி இழுபடும், அவ்வளவுதான். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தேடாதீர்கள். பல எல்சிடி திரைகளின் மேற்பரப்பு கண்ணாடியே அல்ல, மெல்லிய பிளாஸ்டிக் படலம். திரவத்தில் உள்ள அம்மோனியாவும் ஆல்கஹாலும் அதன் கண்கூச்சம் குறைக்கும் பூச்சை அரிக்கும். வெளிறிய திட்டு விழுந்தால், அது போகாது.

முதலில் டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஆறவிடுங்கள். கருத்த திரையில் கறை நன்றாகத் தெரியும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தூசியை மெல்லத் தட்டி எடுங்கள். தூசியில் மணல் துகள் இருக்கும், அழுத்தினால் கீறும். டிஷ்யூ பேப்பரும் வேண்டாம்.

பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரே சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரை. துணியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, கறைமேல் லேசாக ஒற்றித் துடையுங்கள். திரையில் நேரடியாகத் தெளித்தால் நீர் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் புகும்; அங்கேதான் மின்சுற்று. வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, உலர்ந்த பின்பே பிளக்கைச் செருகுங்கள். வானவில் நிறத்தில் மினுங்கினால் சோப்பு மிச்சம் இருக்கலாம்.